விலகும் ஊழியரின் மடிக்கணினி: கொப்பியா, அட்டவணையா, மென்பொருளா?

ஊழியர்களுக்குக் கொடுத்த மடிக்கணினி, கைபேசி, திரை போன்றவற்றின் கணக்கை எதில் வைப்பது என்ற கேள்வி, கொழும்பில் ஐம்பது பேரைத் தாண்டும் எந்த அலுவலகத்திலும் ஒருநாள் எழுகிறது. பதில் தேடுவோர் பெரும்பாலும் பொருளைக் கொடுக்கும் நாளை மனதில் வைத்தே தேடுகிறார்கள். எண் எழுத வேண்டும், பெயர் எழுத வேண்டும், கையொப்பம் வாங்க வேண்டும். இந்த வேலையை எந்த முறையும் செய்துவிடும். ஒற்றை ரூல் கொப்பியும் செய்யும், மாதக் கட்டணச் சேவையும் செய்யும். வித்தியாசம் தெரிவது பொருள் இடையில் கைமாறும்போதும், ஊழியர் விலகும் நாளிலும்தான். ஆகவே இந்த ஒப்பீட்டில் ஒரேயொரு சம்பவத்தை எடுத்து, அதை ஒவ்வொரு முறையும் எப்படித் தாங்குகிறது என்று பார்க்கிறேன்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு சரக்கு முகவர் நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுபது ஊழியர்கள், யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய கிளை. மார்ச் மாதம் கணக்கு உதவியாளர் ஒருவருக்கு L-014 என்ற மடிக்கணினியும், அதன் சார்ஜரும், P-031 என்ற கைபேசியும் கொடுக்கப்படுகின்றன. ஓகஸ்டில் விசைப்பலகையில் தேநீர் கொட்டிவிடுகிறது. L-014 பம்பலப்பிட்டியில் உள்ள திருத்துமிடத்துக்குப் போகிறது. தகவல் தொழில்நுட்ப அலுவலர் அலுமாரியிலிருந்து L-009 ஐ எடுத்து, "தங்கச்சி, அது வரும்வரை இதைப் பாவியுங்கள்" என்று கொடுக்கிறார். சார்ஜரின் முனை ஒன்றுதான் என்பதால் உதவியாளர் பழைய சார்ஜரையே வைத்துக்கொள்கிறார். மூன்று வாரம் கழித்து, மதர்போர்ட் மாற்றப்பட்ட நிலையில் L-014 திரும்புகிறது. அதே வாரம் யாழ்ப்பாணக் கிளையில் புதிதாக ஒருவர் சேர்கிறார். L-014, அலுமாரியில் இருந்த L-009 இன் சார்ஜரோடு கிளைக்குப் போகும் வாகனத்தில் ஏறுகிறது. டிசம்பரில் கணக்கு உதவியாளர் வேலையிலிருந்து விலகுகிறார். மனிதவளப் பிரிவு கேட்கிறது: அவர் எதையெல்லாம் திருப்பித்தர வேண்டும்?

சரியான விடை: L-009, L-014 இன் சார்ஜர், P-031. இந்த விடை எந்த முறையிலிருந்து ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் என்பதே அளவுகோல்.

கொப்பி

கொப்பியை ஏளனமாகப் பார்ப்பவன் அல்ல நான். மின்வெட்டு வந்தாலும் அது திறக்கும், கடவுச்சொல் மறந்துபோகாது. பேனாவால் போட்ட கையொப்பத்தைப் பிறகு யாரும் எளிதில் மறுக்க முடியாது. ஆனால் பெரும்பாலான அலுவலகங்களில் கொப்பி தேதி வரிசையில் எழுதப்படுகிறது. மார்ச் பக்கத்தில் L-014 கொடுத்த வரி இருக்கும். ஓகஸ்டில் நடந்த மாற்றம் தற்காலிகமானது என்று நினைத்ததால் எழுதப்பட்டிருக்காது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது சாரதியின் அனுப்புச் சீட்டில் மட்டும் இருக்கும். விளைவு, விலகும் பெண்ணிடம் L-014 ஐக் கேட்பார்கள். அவர் அதை எப்போதோ கொடுத்துவிட்டேன் என்பார். கொடுத்ததற்கு அவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. கடைசிச் சம்பளக் கணக்கு முடியாமல் நிற்கும். பிழை அவருடையது அல்ல, ஆனால் அதைச் சுமப்பவர் அவர்தான். எனக்கு இந்த விடயத்தில் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பதினைந்து பேருக்கு உட்பட்ட அலுவலகத்துக்குக் கொப்பி போதும், ஒரு நிபந்தனையோடு: தேதிக்கு ஒரு வரி என்று எழுதாமல் பொருளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். L-014 என்று தலைப்பிட்ட பக்கத்தில், அது போய்வந்த இடமெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். திருத்துமிடத்துக்குப் போனதும் ஒரு வரி, அலுமாரிக்குத் திரும்பியதும் ஒரு வரி.

அட்டவணை

கொப்பி போதாதபோது அடுத்ததாக எல்லோரும் போவது எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ். வழக்கமான வடிவம் இதுதான்: பொருளுக்கு ஒரு வரிசை, அதில் தொடர் எண், மாதிரி, வாங்கிய நாள், இப்போது வைத்திருப்பவர். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் L-014 யாழ்ப்பாணம் போனதும், வைத்திருப்பவர் என்ற கட்டத்தில் கணக்கு உதவியாளரின் பெயரை அழித்துப் புதியவரின் பெயரை எழுதுவார்கள். அந்த நொடியில் மார்ச் முதல் ஓகஸ்ட் வரையான வரலாறு மறைந்துவிடுகிறது. L-009 இன் வரிசையை யாராவது திருத்தினார்களா என்பது அன்றைய அவசரத்தைப் பொறுத்தது. கூகுள் ஷீட்ஸில் பழைய பதிப்புகளைத் திறந்து பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் நாலு மாதத்துக்கு முன் ஒரு கட்டத்தில் நடந்த மாற்றத்தை அதில் தேடுவது ஒரு மத்தியானத்தையே விழுங்கிவிடலாம்.

இதற்குப் புது மென்பொருள் தேவையில்லை. அட்டவணையை இரண்டாகப் பிரித்தால் போதும். முதல் தாளில் பொருளின் மாறாத விவரங்கள் மட்டும். இரண்டாவது தாளில் நகர்வுகள் மட்டும்: ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கீழே ஒரு புதிய வரி. எந்த வரியையும் அழிக்கவோ திருத்தவோ கூடாது. நமது சம்பவத்தில் இரண்டு மடிக்கணினிகளின் வரிகள் அதில் இப்படி இருக்கும்:

```
நாள்     பொருள்   இருந்து        சென்றது
03-11    L-014   அலுமாரி        E-212
08-05    L-014   E-212          திருத்துமிடம்
08-05    L-009   அலுமாரி        E-212
08-26    L-014   திருத்துமிடம்    அலுமாரி
08-29    L-014   அலுமாரி        E-240
```

இதில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். அலுமாரியும் திருத்துமிடமும் மனிதர்களைப் போலவே பொருளை வைத்திருப்பவர்களாக வருகின்றன. தற்காலிகம் என்று ஒரு நிலை இல்லவே இல்லை. ஒரு பொருள் எந்த நேரத்திலும் யாரோ ஒருவரின் அல்லது ஏதோ ஓர் இடத்தின் பொறுப்பில்தான் இருக்கும். இரண்டாவது, ஊழியரின் பெயருக்குப் பதிலாக எண் இருக்கிறது. கொழும்பு அலுவலகத்தில் இது வசதிக்காகச் செய்வது மட்டுமல்ல. ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். தந்தை பெயரை முன்னால் எழுதுபவரும் உண்டு, முதலெழுத்து மட்டும் போடுபவரும் உண்டு. சிங்களப் பெயர்களில் முதலெழுத்துகளே நாலைந்து வரும். பெயரை வைத்துத் தேடினால் பாதிப் பொருள் கண்ணில் படாது. ஊழியர் சேமலாப நிதிக்கான உறுப்பினர் எண் நிறுவனத்தில் ஏற்கெனவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள். அந்த எண் இல்லாத பயிலுநர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வேறு எழுத்தில் தொடங்கும் எண் கொடுங்கள்.

இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்பதை முதல் தாள் தானாகவே காட்ட, கீழிருந்து மேலாகத் தேடும் ஒரு சூத்திரம் போதும். நகர்வுத் தாளுக்கு Moves என்று பெயரிட்டு, முதல் தாளின் A நிரலில் பொருளின் எண்ணை வைத்தால், கூகுள் ஷீட்ஸிலும் புதிய எக்செலிலும் இது வேலை செய்யும்:

```
=XLOOKUP(A2,Moves!B:B,Moves!D:D,"",0,-1)
```

கடைசியில் உள்ள -1 தான் உயிர். கடைசி வரியிலிருந்து தேடு என்பது அதன் பொருள். ஆகவே யாராவது நகர்வுத் தாளைப் புதியது மேலே வருமாறு வரிசைப்படுத்தினால், ஒவ்வொரு பொருளும் தன் முதல் உரிமையாளரிடமே திரும்பிப் போய்விட்டதாகக் காட்டும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. அந்தத் தாளைப் பூட்டி, எழுதும் உரிமையை இருவருக்கு மட்டும் கொடுப்பது அதனால்தான்.

கைபேசிகளுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. ஐஎம்இஐ எண் 15 இலக்கம். எக்செலில் அதைச் சாதாரணமாகத் தட்டினால் 3.5E+14 போலச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் உண்மையான இலக்கங்கள் போய்விடும், பிறகு மீட்க வழியில்லை. அந்த நிரலை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டு சிம் போடும் கைபேசிக்கு இரண்டு ஐஎம்இஐ இருக்கும், இரண்டையும் எழுத வேண்டும்.

ஸ்னைப்-ஐடி போன்ற மென்பொருள்

இந்த வேலைக்கென்றே எழுதப்பட்ட திறந்தமூல மென்பொருள்களில் பரவலாகப் பயன்படும் ஒன்று ஸ்னைப்-ஐடி. உரிமக் கட்டணம் இல்லை. சொந்த சேவையகத்தில் நிறுவிக்கொள்ளலாம், பணம் கட்டி அவர்களிடமே வைக்கவும் முடியும். நான் மேலே சொன்ன நகர்வுத் தாளை அது தானாகவே எழுதுகிறது. ஒரு பொருளைத் திறந்தால் அது யாரிடம் எப்போது போனது, எப்போது திரும்பியது என்ற வரலாறு முழுவதும் வரும். ஓர் ஊழியரைத் திறந்தால் அவர் பெயரில் இருக்கும் எல்லாம் ஒரே திரையில் தெரியும். பொருளைப் பெறுபவர் திரையிலேயே ஏற்பைப் பதிவு செய்து கையொப்பமிடவும் வைக்கலாம். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணு ஊடுசெயல்கள் சட்டம் இத்தகைய மின்பதிவுகளை ஏற்கிறது என்பதால், அது வெறும் அலங்காரம் அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த அம்சம் சிறியது. ஒருவர் பெயரில் பொருள் இருக்கும்வரை, அவருடைய கணக்கை நீக்க மென்பொருள் விடாது. மனிதவளப் பிரிவு அவசரத்தில் ஒருவரை நீக்கப் பார்த்தால், இவரிடம் இன்னும் பொருள் இருக்கிறது என்று தடுக்கும். கொப்பியோ அட்டவணையோ இதைச் செய்யாது.

ஆனால் நமது ஓகஸ்ட் சம்பவத்தில் மென்பொருளும் தடுமாறும். L-014 ஐத் திருத்துமிடத்துக்கு அனுப்பும்போது, முதலில் அதை ஊழியரிடமிருந்து திரும்பப் பெற்றதாகப் பதிய வேண்டும். பிறகு அதன் நிலையை மீண்டும் கொடுக்கத் தயாரில்லாத ஒன்றாக மாற்ற வேண்டும். அவசரத்தில் இதைத் தவிர்த்து, பராமரிப்புக் குறிப்பு ஒன்றை மட்டும் சேர்த்தால், மடிக்கணினி பம்பலப்பிட்டியில் இருக்கும்போதும் பதிவில் அது கணக்கு உதவியாளரின் பெயரிலேயே இருக்கும். சார்ஜரிலும் குறை உண்டு. துணைக்கருவிகளை அது எண்ணிக்கையாகவே வைத்திருக்கிறது. இருபது சார்ஜரில் ஒன்று இவரிடம் என்று சொல்லுமே தவிர, எந்தச் சார்ஜர் என்று சொல்லாது. 65 வாட் சார்ஜர் போய் 45 வாட் வந்தால் அதற்குத் தெரியாது.

செலவு உரிமத்தில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது. அலுவலக மூலையில் கிடக்கும் பழைய கணினியில் நிறுவிவிட்டு, அந்தக் கணினியின் வன்தட்டு பழுதானதும் பதிவையெல்லாம் இழப்பது நடக்கக்கூடியதுதான். தரவுத்தளப் பிரதியை வெளியே வைத்தால் மட்டும் போதாது. அமைப்புக் கோப்பில் இருக்கும் `APP_KEY` என்ற சாவியையும் தனியாக வைத்திருக்க வேண்டும். மறையாக்கம் செய்து வைத்த புலங்கள் அந்தச் சாவி இல்லாமல் திறக்காது. சேவையகம் பார்க்க ஆள் இல்லாத நிறுவனம், பணம் கட்டும் சேவைக்குப் போவது நியாயம். ஆனால் அந்தக் கட்டணம் டொலரில் வரும். 2022இல் ரூபாயின் மதிப்பு சில வாரங்களில் சரிந்ததைப் பார்த்தவர்கள், மாதம்தோறும் கட்டும் டொலர் கட்டணத்தை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தொலைநிர்வாகம் இதற்கு மாற்றா?

கருவிகளைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசொப்ட் இன்ட்யூன் போன்றவற்றை ஏற்கெனவே வைத்திருக்கும் நிறுவனங்கள், கருவிகளெல்லாம் அதில் தெரிகின்றனவே, தனிப் பதிவு எதற்கு என்று கேட்கின்றன. அது வேறு கேள்விக்கான விடை. கருவி கடைசியாக எப்போது இணையத்துக்கு வந்தது, குறியாக்கம் இருக்கிறதா என்பதை அது சொல்லும். தொலைந்தால் பூட்டவும் அழிக்கவும் உதவும், அதுவும் கருவி இணையத்துக்கு வந்தால்தான். ஆனால் அதில் தெரியும் முதன்மைப் பயனர் பெரும்பாலும் கருவியை முதலில் பதிவு செய்தவர். அலுவலர் தன் கணக்கிலேயே எல்லாவற்றையும் தயார்செய்திருந்தால், எல்லாம் அவர் பெயரிலேயே தெரியும். அலுமாரியில் அணைந்து கிடக்கும் L-009 பல மாதம் கண்ணில் படாது. சார்ஜர், பை, திரை எதுவும் அதற்குத் தெரியாது. மதர்போர்ட் மாறினால் பழைய பதிவும் இயந்திரமும் பொருந்தாமலும் போகலாம். பாதுகாப்புக்கு அதை வைத்திருங்கள். யார் கையில் எது என்பதற்கு அதை நம்பாதீர்கள்.

திரும்பும் நாளில் பார்க்க வேண்டியவை

எந்த முறையைத் தேர்ந்தாலும், திரும்ப வாங்கும்போது செய்யும் சோதனை சரியில்லை என்றால் பதிவும் பொய்யாகிவிடும். வரவேற்பு மேசையில் பையை வாங்கி வைப்பது திரும்பப் பெறுதல் அல்ல. ஊழியர் எதிரில் இருக்கும்போதே, கடவுச்சொல்லை அவர் கையாலேயே இட்டுத் திறக்கவைத்துச் செய்ய வேண்டிய வேலை இது. அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு வைக்காமல் அதற்கு முந்தைய நாள் காலையில் வையுங்கள்.

மடிக்கணினியில் முதலில் தொடர் எண். அடியில் ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள், அடி மூடி மாறியிருக்கலாம். விண்டோஸ் பவர்ஷெல்லைத் திறந்து இயந்திரத்திடமே கேளுங்கள்:

```
Get-CimInstance Win32_BIOS | Select-Object SerialNumber
```

நமது L-014 இல் இதைச் செய்தால் ஒரு சிக்கல் தெரியும். மதர்போர்ட் மாற்றியபோது திருத்துநர் தொடர் எண்ணை மீண்டும் எழுதாவிட்டால், இங்கே வெற்றிடமோ பொருளற்ற ஒரு சொல்லோ வரும். திருட்டோ மாற்றலோ நடந்துவிட்டது என்று கிளையில் உள்ளவரைச் சந்தேகிக்க அது போதும். திருத்திவந்த அன்றே மதர்போர்ட் மாற்றப்பட்டது என்று பதிவில் எழுதியிருந்தால் அந்தச் சந்தேகமே எழாது. திருத்துமிடத்திலிருந்து வருவதும் ஒரு திரும்பல்தான், அதற்கும் இதே சோதனை வேண்டும். நினைவகம் முன்பிருந்த அளவு இருக்கிறதா என்றும் அப்போது பார்க்க வேண்டும்.

அடுத்து விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லொக்கர். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், மதர்போர்ட் மாறிய பின் இயந்திரம் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். ஊழியர் தன் சொந்த மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழைந்திருந்தால், அந்தச் சாவி அவருடைய கணக்கில்தான் இருக்கும். அவர் கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தாண்டிய பிறகு அதைக் கேட்டு வாங்குவது எளிதல்ல. பிறகு மின்கலம். `powercfg /batteryreport` என்று கொடுத்தால் உருவாகும் அறிக்கைக் கோப்பில், வடிவமைத்த கொள்ளளவும் இப்போது நிறையும் கொள்ளளவும் அருகருகே வரும். இதை ஊழியரைக் குற்றம் சொல்லப் பயன்படுத்தக் கூடாது. மின்கலம் தேய்வது இயல்பு. அடுத்தவருக்குக் கொடுக்கலாமா என்று முடிவெடுக்கத்தான் அது.

கைபேசியில் ஒழுங்கு முக்கியம். முதலில் `*#06#` அடித்து ஐஎம்இஐ பாருங்கள். பிறகு கணக்குகளை நீக்கவையுங்கள், அதன் பிறகே முழுவதும் அழியுங்கள். ஐபோனில் கருவியைக் கண்டறியும் வசதியை அணைக்காமல் அழித்தால், அது பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோடு பூட்டிக்கொள்ளும். அன்ட்ராய்டில் கணக்கை நீக்காமல் பொத்தான்களை அழுத்தி மீட்பு முறையில் அழித்தால், மீண்டும் திறக்கும்போது பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். ஊழியர் எதிரில் இருந்தால் இரண்டு நிமிட வேலை. அவர் போன பிறகு, பூட்டை நீக்கவைக்கக் கொள்வனவுச் சிட்டையைத் தேடிக்கொண்டு அலைய வேண்டிவரும். அதனால் சிட்டையின் படத்தையும் அந்தப் பொருளின் பதிவிலேயே வைப்பது நல்லது.

சார்ஜருக்கும் பொருளின் எண்ணையே ஒட்டுங்கள், வாட் அளவைச் சோதனைத் தாளில் எழுதுங்கள். சாதாரணக் காகித ஒட்டி கொழும்பின் வியர்வையில் சில மாதங்களில் உரிந்துவிடும், பிளாஸ்டிக் ஒட்டி வேண்டும். கைபேசியில் உறையின் மேல் ஒட்டுவது வீண், உறைதான் முதலில் மாறும்.

எல்லாம் முடிந்ததும் பெற்றுக்கொண்டதற்கான தாளில் இருவரும் கையொப்பமிட்டு, ஒரு பிரதியை ஊழியரிடம் கொடுக்க வேண்டும். இந்தப் பிரதி ஊழியரின் பாதுகாப்பு. அதைக் கொடுக்காத முறை எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும் எனக்கு அது முழுமையல்ல.

எதைத் தேர்வது

நமது எழுபது பேர் நிறுவனத்துக்கு நான் ஸ்னைப்-ஐடியைத்தான் சொல்வேன். காரணம் ஆள் எண்ணிக்கை மட்டுமல்ல, யாழ்ப்பாணக் கிளையும்தான். இரண்டு இடங்களில் இரண்டு பேர் பொருள் கொடுக்கும் நிலை வந்ததும், நகர்வுத் தாளின் ஒழுங்கு உடையத் தொடங்குகிறது. ஒருவர் அனுப்பியதை எழுதுவார், மற்றவர் கிடைத்ததை எழுதமாட்டார். சேவையகத்தைப் பார்க்க ஆளும், வெளியே வைக்கும் காப்புப் பிரதியும் இருந்தால் மட்டுமே அதைச் சொந்தமாக நிறுவுங்கள்.

ஒரே இடத்தில் நாற்பது பேருக்குள் இருந்தால், இரண்டு தாள் அட்டவணையே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். அதைப் பராமரிக்கும் ஒருவர் நன்றாகச் செய்தால், பாதி மட்டும் நிரப்பப்பட்ட மென்பொருளைவிட அது பல மடங்கு உண்மையைச் சொல்லும். பிறகு மென்பொருளுக்கு மாறும்போதும் அந்தத் தாள்களைச் சிஎஸ்வி வழியாக உள்ளே கொண்டுபோகலாம். ஒற்றைத் தாள், அழித்து எழுதும் பழக்கம் இரண்டையும் மட்டும் எந்த அளவிலும் ஏற்கமாட்டேன்.

எந்த வழியில் போனாலும் தொடங்கும் நாளில் ஒரு கையெண்ணிக்கை வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் போய்ப் பொருளைப் பார்த்து, இயந்திரத்திடமே தொடர் எண் கேட்டு எழுதுங்கள். பழைய கொப்பியில் இருந்து பிரதி எடுக்காதீர்கள். வரலாறு தெரியாத பொருளுக்கு முதல் வரியில் 'இருந்து' என்ற இடத்தில் 'தெரியாது' என்றே எழுதி, எண்ணிய நாளைப் போடுங்கள். யாருக்குக் கொடுத்தோம் என்று ஊகித்து எழுதினால், பிறகு ஒருநாள் அந்த ஊகத்தைக் காட்டி யாரோ ஒருவரிடம் பணம் கேட்பார்கள்.